ஐந்தாம் தேதி தானாகப் போகும் வாடகை

எங்கள் ஹவுஸ் ஓனர் மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி காலையில் வருவார். அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. வந்தவர்களை நிற்க வைத்துப் பேசுகிற வேலை என்பது மட்டும் அவரைப் பார்த்தாலே தெரியும். வாசற்படியில் வைத்துப் பணம் வாங்கினால் லட்சுமி தங்க மாட்டாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்கார்ந்து, காபி குடித்து, பிறகுதான் வாடகையை வாங்குவார். விரலை எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணுவார். அப்படியே சுவரைச் சுற்றிப் பார்த்து, போன மாதம் இல்லாத ஆணி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று விசாரிப்பார். ஆணி அடித்தது நான்தான் என்றாலும், சுவர் அவருடையது என்பதை மாதம் ஒருமுறை எனக்கு ஞாபகப்படுத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

நான் ஆரி என்னும் ஊசிப் பூவேலை செய்கிறவள். கல்யாணப் புடவைகளுக்கு ரவிக்கை. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நடு அறையில்தான் சட்டம் போட்டு, துணியை இழுத்துக் கட்டி, ஊசியும் ஜரிகையும் மணியுமாக உட்கார்ந்திருப்பேன். கணவர் ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். பட்டுப் புடவையோடு சேர்த்தே நெய்து வரும் ரவிக்கைத் துணி என்பது ஒன்றே ஒன்றுதான். அது கெட்டால் அதே சாயத்தில், அதே கரையில் இன்னொன்று கடையில் கிடைக்காது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திட்டாக நிற்கும். அந்த நடு அறையின் கூரைதான் ஒழுகும்.

முதல் வருடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்று காபியை உறிஞ்சினார். அடுத்த மழைக்கு அவருடைய நாற்காலியை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே போட்டேன். வழுக்கைத் தலையில் இரண்டு சொட்டு விழுந்த அந்த வாரமே கொத்தனார் மாடியில் ஏறி ஓட்டைக்கு ஏதோ பூசிவிட்டுப் போனார். இந்த மனிதரை வழிக்குக் கொண்டுவர நியாயம் பேசிப் புண்ணியமில்லை, வீட்டுக்குள் உட்கார வைத்தால் போதும் என்று அன்று புரிந்துகொண்டேன். பணத்துக்காக அவர் உள்ளே வந்தே ஆக வேண்டும். மாதத்தில் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு இருந்த ஒரே பிடி.

அந்தப் பிடியைத்தான் பொங்கல் கழிந்து வந்த ஒரு ஐந்தாம் தேதி என் கையாலேயே விட்டேன். அன்று அவர் பணத்தை எண்ணி முடித்துவிட்டு, இனிமேல் ரொக்கம் வேண்டாம் என்றார். சென்னையில் அவருடைய மகன் வீடு வாங்க லோன் போடப் போகிறானாம். அப்பாவும் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வாடகை மாதாமாதம் கணக்கில் வந்தால்தான் அதை வருமானம் என்று காட்ட முடியுமாம். இத்தனை வருடம் ரொக்கமாக வாங்கியதை யாருக்கும் காட்டாமல் இருந்தவர், இப்போது காட்டத் துடித்தார்.

போனிலேயே அனுப்பி விடுகிறேனே என்றேன். அது சரிப்படாது என்றார். நான் மறந்து போவேனாம், ஒரு மாதம் மூன்றாம் தேதி அனுப்புவேன், ஒரு மாதம் ஒன்பதாம் தேதி அனுப்புவேன், ஸ்டேட்மெண்டில் பார்க்க அசிங்கமாக இருக்குமாம். வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் என் கணக்கில் இருந்து அவர் கணக்குக்கு அதுவே போய்விடும் என்று விளக்கினார். இரண்டு பேருக்கும் ஒரே வங்கி, ஒரே கிளை. மறுநாளே காந்தி ரோட்டில் இருக்கும் அந்தக் கிளைக்கு என்னை வரச் சொல்லி, படிவத்தை அவரே நிரப்பிக் கொண்டுவந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் விரலை வைத்துக் காட்டினார்.

"இனிமே நான் வந்து உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டியதே இல்லம்மா" என்றார்.

காபி மிச்சம், ஆணி விசாரணை மிச்சம் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஆடி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆடியில் முகூர்த்தம் இல்லை. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ரவிக்கைக்கு யார் வருவார்கள்? ரொக்கக் காலத்தில் ஆடி வாடகையில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை ஆவணியில் கொடுப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார். இந்த ஊரில் ஆடி என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வங்கிக் கணினிக்கு அது தெரியுமா? ஐந்தாம் தேதி கணக்கைப் பார்த்தது, முழுத் தொகை இல்லை, அனுப்பவில்லை. பாதியை எடுத்துக்கொள்வோம் என்ற பேச்சே அதற்குக் கிடையாது. அனுப்ப முடியாமல் போனதற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஒரு வரி என்று இருந்ததிலும் பிடித்துக்கொண்டது. ஓனர் போனில் பிடித்துக் கத்தினார். இரண்டு வளையலை அடகு வைத்து நானே வாடகையை அனுப்பினேன். அதற்கு அவரிடம் இருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

புரட்டாசிக் கடைசியில் மழை தொடங்கியது. பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒழுகல். போன் செய்தேன், எடுக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு நீல டிக் வந்தது. மறுநாள் காலை ரோஜாப் பூவோடு இனிய காலை வணக்கம் வந்தது. வீடியோ அனுப்பினேன். அதற்கு முருகன் படத்தோடு காலை வணக்கம். மழை வலுக்க வலுக்க வணக்கத்தின் அளவும் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் எதற்காக வர வேண்டும்? கூரை ஒழுகினாலும் இடிந்தாலும் ஐந்தாம் தேதி பணம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

சட்டத்தை மூலைக்கு நகர்த்தி, மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டி வேலை செய்தேன். ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒரு ரவிக்கை, மாம்பழ நிறம், அரக்குக் கரை. கைகள் இரண்டும் முடிந்து முதுகில் மயில் பாதி வந்திருந்தது. மதியம் சாப்பிட எழுந்து போய்த் திரும்புவதற்குள் ஷீட்டில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து நேரே அந்த மயில் மேல் கொட்டியிருந்தது. அரக்குச் சாயம் மாம்பழத்துக்குள் இறங்கிவிட்டது. நான் உட்கார்ந்து அழுதேன். வேறு பட்டுத் துணி வாங்கி, ராப்பகலாகப் புதிதாகத் தைத்து, கூலி வாங்காமல் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணின் அம்மா திட்டவில்லை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். தங்கைப் பெண்ணின் ரவிக்கையை என்னிடம் கொடுப்பதாக இருந்தவர், பிறகு கொடுக்கவில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டில் பேர் கெட்டால் அடுத்த கல்யாணத்துக்குள் அது எத்தனை வீடு போகும் என்று எனக்குத் தெரியும்.

கணவரிடம், வாடகையை நிறுத்தப் போகிறேன் என்றேன். காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று பயந்தார். வாடகையை நிறுத்தவில்லை, அது தானாகப் போவதைத்தான் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வங்கியில் இருந்த அலுவலர் என் வயதுக்காரி. ஓனரிடம் கேட்க வேண்டுமா என்று கேட்டேன்.

"அவரு எதுக்குமா? உங்க கணக்கு, உங்க இன்ஸ்ட்ரக்ஷன். நீங்க எழுதிக் குடுத்தா நிறுத்திடுவோம். தேதிக்கு முன்னாடியே வந்துட்டீங்க, இந்த மாசமே போவாது" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது வாடகைத் தொகையை ரொக்கமாக எடுத்து வந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

ஐந்தாம் தேதி வந்து போனது. ஆறாம் தேதி காலை வணக்கம் வரவில்லை. மதியம் ஓனரே வந்தார், நனைந்துகொண்டு. நேராக வங்கிக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். தான் போட்ட உத்தரவை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று அங்கே சண்டை போட்டிருக்கிறார். படிவத்தை நிரப்பியவர் அவர் என்பதால் உத்தரவும் தன்னுடையது என்றே இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். பணம் கட்டுகிற வாடிக்கையாளரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"இன்னாமா இது? வாடகைய நிறுத்திக்கினு உக்காந்திருக்கியே" என்றார்.

"நிறுத்தலியே சார். ரெடியா இருக்குது. உள்ள வந்து வாங்கிக்கோங்க."

உள்ளே வந்தார். பக்கெட், குண்டான், ஷீட், மூலையில் நடக்க வழியில்லாமல் என் சட்டம், எல்லாவற்றையும் பார்த்தார். நாற்காலியில் உட்கார வைத்து, சாயம் இறங்கிய ரவிக்கையை அவர் மடியில் போட்டேன். ரொக்கத்தை நீட்டினேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பணத்தைப் பார்த்து அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கணக்கில் வராமல் ஒரு மாதம் விட்டுப்போனால் லோன் கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்பார்களாம், மகன் கோபித்துக்கொள்வானாம். என் கூரையைப் பற்றி எத்தனை நாள் நான் கெஞ்சினேனோ, அதே குரலில் அவர் தன் ஸ்டேட்மெண்டைப் பற்றிக் கெஞ்சினார். கேட்க எனக்கு நன்றாக இருந்தது. பிறகு, வீட்டைக் காலி பண்ணு என்று ஆரம்பித்தார். பண்ணுகிறேன், பத்து மாத அட்வான்ஸை எடுத்து வையுங்கள் என்றேன். அந்தப் பணம் எப்போதோ மகனின் வீட்டு முன்பணமாகப் போய்விட்டது என்பது அவர் விழித்ததிலேயே தெரிந்தது.

"கூரைய சரி பண்ணுங்க சார். அன்னிக்கே கணக்குல போட்டுடறேன்" என்றேன்.

மழை விட்டதும் ஆட்கள் வந்தார்கள். இந்த முறை பூச்சு வேலை இல்லை. மாடித் தளத்தில் பழைய தட்டோடுகளைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்தார்கள். நானும் மாடியில் நின்று பார்த்துக்கொண்டேன். அடுத்த மழையில் நடு அறை காய்ந்தே கிடந்தது. வேலை முடிந்த அன்றே, சொன்னபடி அந்த மாத வாடகையை வங்கிக்குப் போய் அவர் கணக்குக்கு மாற்றினேன். அவரும் அங்கே வந்திருந்தார், கையில் புதுப் படிவத்தோடு. முன்பு போலவே எல்லாம் அவர் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தது. இந்த முறை படித்துப் பார்த்தேன். கடைசியாகப் பணம் அனுப்ப வேண்டிய தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஐந்து வருடம் தள்ளி ஒரு தேதி போட்டிருந்தார்.

அலுவலரிடம் வேறு படிவம் கேட்டு வாங்கி நானே நிரப்பினேன். தொகை, ஐந்தாம் தேதி எல்லாம் அவர் கேட்டபடியே. ஆடியில் வரும் தவணைக்கு முன்கூட்டியே பணம் சேர்த்து வைக்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன், அது என் பாடு. கடைசித் தேதிக் கட்டத்தில் அடுத்த வருடம் செப்டம்பர் ஐந்து என்று எழுதினேன்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவர், ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று கேட்டார்.

"அதுக்கு அடுத்த மாசம் மழை சார். நீங்க வந்து மாடிய ஒரு தரம் பாத்துட்டுப் போனா, நான் வந்து புதுசா ஒண்ணு எழுதிக் குடுக்குறேன். வருஷா வருஷம்" என்றேன்.

அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று படிவத்தை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு, அலுவலரிடம் நீட்டி முறையிட்டார். அந்தப் பெண் அதை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஓனர் கையெழுத்துக்கு இதில் இடமே இல்லை என்று சொல்லி, பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.