நாலு உள்ளே, ஒன்று வெளியே

வங்கி எழுத்தர் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்தபோது, கேள்வி கேட்கும் பொறுப்பை என் கணவர் தாமாகவே எடுத்துக்கொண்டார். கணக்கு என்றால் காத தூரம் ஓடுவார். ஐந்து வார்த்தைகளில் சேராத ஒன்றைக் கண்டுபிடிக்கும் பகுதி என்றால் மட்டும் அவருக்கு உயிர்.

குரோம்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஹார்டுவேர் கடை. மாமனார், என் கணவர், ஓரகத்தி, அவள் வீட்டுக்காரர் என்று நாலு பேரும் அதில்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்ததும் கைடைப் பிரித்துவிடுவார்.

"ஹேமர், ஸ்பானர், பிளையர், ஸ்குரூ டிரைவர், போல்ட்."

"போல்ட். மத்ததெல்லாம் கருவி. போல்ட்டு, கருவியால முடுக்கற சாமான்."

"இல்லம்மா, ஹேமரு. மத்ததெல்லாம் சுவத்து ரேக்குல கீது. ஹேமர் மட்டும் வாசல்ல பக்கெட்டுல கீது."

எதைக் கேட்டாலும் இப்படித்தான். ஆடு, மாடு, ஒட்டகம், குதிரை, சிங்கம் என்று ஒரு நாள் வந்தது. ஆடு, மாடு, ஒட்டகம் மூன்றும் பக்ரீத் குர்பானிக்கு ஆகும், மற்ற இரண்டும் ஆகாது, அதனால் கேள்வியே தப்பு என்று தீர்ப்பு சொன்னார். உங்கள் கணக்கில் இரண்டு வெளியே நின்றால் தப்பு கேள்வியில் இல்லை, உங்கள் கணக்கில்தான் என்றேன். நாலும் உள்ளே வந்து ஒன்று மட்டும் வெளியே நிற்க வேண்டும், நாலும் புல் தின்பவை, சிங்கம் இறைச்சி தின்பது என்று விளக்கினேன். "சிங்கத்த யாரு வாங்கப் போறா" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அவருக்கு விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. "இதான் கடைசி தபா. வரலைன்னா கல்லாவுல வந்து உக்காந்துடும்மா" என்று மாமனார் அன்பாகத்தான் சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல், எனக்காக ஒரு மெத்தை நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார். அதில் நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஆணி நிறுத்துப் போடுவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

தேர்வில் ஐந்து சொற்கள் கண்முன் நின்றன: கார்பென்டர், பிளம்பர், மேசன், எலக்ட்ரீஷியன், மெர்ச்சன்ட். கை தானாக எலக்ட்ரீஷியன் பக்கம் போனது. அவர் நம் கடைக்கு வரவே மாட்டார், ஒயரெல்லாம் பக்கத்துக் கடையில் என்று காதுக்குள் ஒரு குரல். இத்தனை மாதமாக என் மூளைக்குள் கடை திறந்து வைத்திருந்த மனிதரை மனதாரத் திட்டினேன். தப்பாகப் போட்டால் கால் மார்க் போய்விடும். கையை இழுத்துக்கொண்டு யோசித்தேன். அந்த விதிப்படி மற்ற நாலும் ஒரே இனமா? மூவர் சாமான் வாங்குகிறவர்கள், நாலாவது ஆள் விற்கிறவர். சரிவராது. எலக்ட்ரீஷியனை உள்ளே சேர்த்தால் நாலு பேரும் கைத்தொழில்காரர்கள். வியாபாரி மட்டும் வெளியே. சிரிப்பை அடக்கிக்கொண்டு வட்டத்தைக் கருப்பாக்கினேன். மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

கடைக்குத் திரும்பியதும் அந்த ஐந்தையும் கணவரிடம் சொன்னேன்.

"எலக்ட்ரீஷியன்!"

"இல்லீங்க. மெர்ச்சன்ட். உங்களத்தான் வெளியில தள்ளிட்டு வந்திருக்கேன்."

"இன்னாது? எல்லாருக்கும் சாமான் குடுக்கறதே நான்தான். நான் சேராதவனா?" சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டட மேஸ்திரி பூச்சுக் கரணை கேட்டு வந்தபோது, "நீங்கல்லாம் ஒரு குரூப்பாமே" என்று அவரையும் முறைத்தார்.

வேலை கிடைத்தது. முதல் நாள் வங்கியிலிருந்து திரும்பும்போது, அடையாள அட்டையைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே கடைக்குள் நுழைந்தேன். கீல் வாங்க வந்த தச்சரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார் மாமனார்.

"எங்க வூட்ல நான், பெரியவன், சின்னவன், மருமகளுங்க ரெண்டு பேரு. இதுல சேராதது யாரு, சொல்லு பாப்போம்."

தச்சர் சங்கடத்தோடு என் அட்டையைப் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நாலு பேர் கடையைப் பார்க்கும் வீட்டில் நான் மட்டும் புத்தகமும் கையுமாக இருந்தவள். 'சேராதவள்' என்ற சொல்லை என்றைக்காவது யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

"இவங்கதான், பாய்" என்றார் தச்சர் மெதுவாக.

"ஆங்! கரெக்டு!" மாமனார் கல்லாவில் ஓங்கித் தட்டினார். "அஞ்சுல எது சேரலையோ அதுக்குத்தான்யா மார்க்கு!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மெத்தை நாற்காலியில் சாய்ந்திருந்த என் கணவர் மட்டும், தேர்வில் வந்த அந்தக் கேள்விக்கு இன்னமும் எலக்ட்ரீஷியன்தான் சரி என்றார்.