பின்னால் வந்த பூரம்

ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கள் வீட்டில் பாயசம் குடிப்பதைத் தெருவே பார்க்க வேண்டும் என்ற ஆசையில், என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத் தேதியையே மாற்றியவன் நான். கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வந்தேன்.

அப்பா பிறந்தது தாது வருஷப் பஞ்சத்தில்; ஆவணி மாதம், பூர நட்சத்திரம். அறுபது வருஷப் பெயர்களும் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தாது வரும்போது, அதே மாதத்தில் அதே நட்சத்திரம் கூடும் நாளில்தான் சடங்கு. இங்கிலீஷ் தேதிக்கு அங்கே வேலையில்லை. சந்திரன் இருபத்தேழு நாளில் சுற்றி வந்துவிடுகிறது. ஆவணிக்கோ முப்பத்தொரு நாள். ஆகவே அந்த வருஷம் பூரம் இரண்டு தடவை வந்தது: இரண்டாம் தேதியும், இருபத்தொன்பதாம் தேதியும்.

"ரெண்டு வந்தா பின்னால வாரதைத்தான் எடுக்கணும், தம்பி" என்றார் சிம்மக்கல் ஜோசியர். அதன்படி ரங்கூனிலிருந்த அக்காவுக்கு எழுதினோம். எட்டு வருஷமாக ஊருக்கு வராதவள். கலசத் தண்ணீரை அப்பா அம்மா தலையில் தன் கையால் ஊற்ற வேண்டுமென்று உடனே கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டாள்.

ஆடிக் கடைசியில்தான் என் ஆபீஸ் துரை ஆவணி பத்தில் சீமைக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தது. ஜோசியரிடம் ஓடினேன்.

"முன்னால வர்றதும் பூரந்தானே? பஞ்சாங்கத்துல போட்டிருக்கே!"

"போட்டிருக்கு. உங்க அப்பாருக்கு அறுபது வயசு முடிய வேணாமா? அப்புறம் உங்க இஷ்டம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "படிச்சவன் சொல்றான்" என்றாள் அம்மா. என் படிப்பு செய்த முதல் கெடுதல் அதுவல்ல. தேதி மாறியதை அக்காவுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் ரங்கூன் சேருமுன் இங்கே எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தே எழுதினேன்.

இரண்டாம் தேதி மேளம், ஹோமம், தாலி கட்டு எல்லாம் குறைவின்றி நடந்தன. துரை வரவில்லை. வயிற்றுக் கோளாறு என்று சீட்டு அனுப்பினார்.

இருபத்தேழாம் தேதி அக்கா வந்து இறங்கினாள், கையில் பட்டுச் சேலையும் வேட்டியுமாக.

"கடிதாசி கிடைக்கலையாக்கா?"

"கிடைச்சுச்சு."

"பின்னே ஏன் வந்தே?"

"எங்க அப்பாவுக்கு இருபத்தொன்பதுல பூரம். நான் அதுக்கு வாரேன். உனக்கென்னடா?"

ஒரு தடவை முடிந்த சடங்கை மறுபடி நடத்த வழியில்லை. அடுத்த தாதுவுக்கு இன்னும் அறுபது வருஷம். இருபத்தொன்பது காலையில் அக்கா இருவரையும் கிணற்றடியில் பலகை போட்டு உட்கார வைத்தாள். மந்திரமில்லை, மேளமில்லை. ஒவ்வொரு செம்பாக ஊற்றிக்கொண்டே அழுதாள். கயிறு பிடித்து இறைத்துக் கொடுத்தது நான். அதற்காவது என்னை அனுமதித்தாள்.

அப்பா புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "என்னை மன்னிச்சிருங்கப்பா, உங்க அறுபதாம் கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்" என்றேன்.

தலையைத் துவட்டியபடி அவர் சொன்னார்: "எங்கடா கெடுத்தே? அது இப்பத்தான் முடிஞ்சுச்சு. அன்னைக்கு நடந்தது உன் துரைக்கு வச்ச விருந்து. அவனும் வரலை."