அக்காவுக்குப் போன இந்தி ரோஜா

நான் முட்டாள். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் தினமும் இந்தியில் வணக்கம் சொல்லும் முட்டாள் என்பது மட்டும் போன மாதம்தான் வெளியே வந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பீகார்த் தம்பி தினமும் விடிந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புவார். ரோஜா, சூரியன், ஆவி பறக்கும் டீ, நடுவில் வளைந்து வளைந்து இந்தி. சோழவரத்தில் கம்பெனி பஸ் ஏறியதும் நான் அதைக் குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடுவேன். படத்தின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். ஊரெல்லாம் சுற்றி வந்த படம் என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். ஆக, என் பாசம் முழுவதும் குடும்பத்துக்கே.

அன்றைக்கும் தள்ளினேன். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்திருந்தார்கள். போனைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் முதலில் திறந்தது என் ரோஜாவைத்தான். குழுவில் எழுதினாள்: “இன்னாடா இது, ஒரு எழுத்தும் தெரியலயே. என் கண்ணு போச்சா?”

நான் வழக்கம்போல, வந்த பதில்களுக்கெல்லாம் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தேன். அக்காவுக்கும் காட்டினேன்.

மதியம் மாமா போன் செய்தார். “இன்னா மச்சான், கண்ணு போச்சான்னு கேட்டா ஆமான்னு கட்டவெரல காட்றியே? அழுதுகினே இருந்தா. திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கே திரும்ப இட்டுகினு போனேன். டாக்டரு போன வாங்கிப் பாத்துட்டு, ‘அம்மா, கண்ணு சூப்பரா கீது, இது இந்தி’ன்னாரு. வெளிய உக்காந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. உங்கக்கா சிரிக்கல.”

சாயந்திரம் அக்கா குழுவிலிருந்து விலகியிருந்தாள்.

படத்தில் என்னதான் எழுதியிருந்தது என்று பீகார்த் தம்பியிடம் கேட்டேன். அவர் அன்றைக்குத்தான் அதை நிதானமாகப் படித்தார். “அண்ணா, ‘உங்கள நெனச்சிகினே கண்ணு தொறந்தேன்’னு இருக்கு.” அவருக்கு அவருடைய மச்சான் அனுப்பியதாம். மச்சானுக்கு யாரோ. அந்த வரிசையில் யாரும் யாரையும் நினைத்துக்கொண்டு கண்ணைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தவள் என் அக்கா ஒருத்திதான்.

மறுநாள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். தமிழில் வணக்கம் எழுதிய ஒரு தாமரைப் படத்தைப் பிடித்து, கேலரியில் சேமித்து, அங்கிருந்து அவளுடைய எண்ணுக்கு அனுப்பினேன். அப்படி அனுப்பினால் அம்புக்குறி வராது, நானே செய்த மாதிரி இருக்கும். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அம்பு போனாலும் அதில் நான் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாமரையை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதற்கு என்ன பதில் போட முடியும்? தாமரையிடம் “சாப்ட்டியா” என்று கேட்கவா முடியும்?

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது பழைய பட்டன் போன் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் பஸ் ஏறியதும் அக்காவுக்கு ஒரே ஒரு ரிங் விடுவேன். ஏறிவிட்டேன் என்று அர்த்தம். அவள் கட் பண்ணுவாள். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். கட் ஆகாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அவளுக்கு மாமாவோடு சண்டை என்று எனக்குத் தெரியும். அதில் பூ கிடையாது, சூரியன் கிடையாது, ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் அந்த ரிங் அவளுக்கு மட்டுமே அடித்தது, வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாதது. ஒருநாள் நான் மறந்துபோனால் அன்றைக்குச் சாயந்திரம் திட்டு விழும். இப்போது ஒருநாள் ரோஜா வராவிட்டால் யார் திட்டப்போகிறார்கள்?

கவரைப்பேட்டை தாண்டும்போது ஒரு ரிங் விட்டேன். கட் ஆகவில்லை. முழுசாக அடித்து ஓய்ந்தது. சண்டை இந்தத் தடவை மாமாவோடு இல்லை என்று புரிந்தது.

ஒற்றை விரலால், பஸ் குலுக்கலில், நானே எழுதினேன். பாதி எழுத்து தப்பு.

“அக்கா, பஸ் ஏறிட்டன். கண்ணு எரியுதா? சொட்டு மருந்து வுட்டியா? நீ இல்லாம குரூப்ல என்னத் திட்ட ஆளே இல்ல.”

நீல டிக் விழுந்தது. ‘எழுதுகிறார்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கம்பெனி கேட் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்கும்போது முன்னால் போனவரின் செருப்பை மிதித்தேன்.

அப்போதுதான் பதில் வந்தது:

“வுட்டன். வேலயப் பார்றா.”