கெட்ட செய்தி அறை

தையல்காரம்மா வருஷா வருஷம் மருத்துவ மாணவர்களின் கடைசித் தேர்வில் நோயாளியாக நடிப்பாள். வரிசையாக இருக்கும் சின்ன அறைகளில் அவளுடையது கெட்ட செய்தி சொல்லும் அறை. மாணவர் ஒவ்வொருவராக வந்து, அவளுக்குப் புற்றுநோய் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். மூலையில் உட்கார்ந்து தேர்வாளர் மதிப்பெண் போடுவார். மணி அடித்தால் மாணவர் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்காக முதலிலிருந்து அழ வேண்டும். தேறினால் மாணவருக்குப் பட்டமும் வைத்தியம் பார்க்கும் உரிமமும் ஒன்றாகக் கிடைக்கும். தவறினால் இரண்டும் கிடையாது.

“இன்னிக்கு எத்தனை தடவை செத்த?” என்று கேட்பார் வீட்டுக்காரர்.

“போதும் போதும்னு ஆகுற வரைக்கும்.”

பிறகு நிஜமாகவே அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. பரிசோதனை முடிவைச் சொல்ல வந்த புது டாக்டரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. போன தேர்வில் அவள் கையைப் பிடிக்க வந்து, மணி அடித்ததால் பாதியில் எழுந்துபோன பெண். எப்படியோ தேறிவிட்டிருக்கிறாள். ஜன்னல் திரை மெல்ல அசைந்தது. அறையே தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது.

“பயப்பட ஒண்ணுமில்லம்மா. சாதாரணக் கட்டிதான்.”

இந்த வசனத்துக்கு எப்படி நடிப்பதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழக்கதோஷத்தில் கண் நிறைந்தது. காது மணியை எதிர்பார்த்தது. அவசர அவசரமாகப் புறங்கையால் துடைத்தாள்.

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “இங்க மணி அடிக்காதும்மா. மெதுவா அழுங்க.”