ஆறு மார்க்கும் ஒன்பது மார்க்கும்

எங்கள் பட்டுக்கடையில் ஆள் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்து பல வருடமாகிறது. அலுத்துவிட்டது. எடுத்தவர்கள் ஒரு மாதத்தில் என்னை மறந்துவிடுவார்கள். எடுக்காதவர்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

போன வைகாசியில் ஆன்லைன் ஆர்டர் பிரிவுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான் நால்வரைப் பொறுக்கித் தரவேண்டும், அதிலிருந்து முதலாளி ஒருவரை எடுப்பார். படிப்பு, அனுபவம் பார்த்து விண்ணப்பத்துக்கு நூறு மார்க். புடவையைப் பற்றி நாலு வரி எழுதுவது, கோபமான வாடிக்கையாளருக்குப் பதில் போடுவது என்று ஒரு பரீட்சை, அதற்கு ஐம்பது. இண்டர்வியூவுக்குப் பத்து.

மறுநாள் பெருமாள் கோயிலில் கருட சேவை. ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பகலில் முடிக்கவேண்டியிருந்தது. டோக்கன் போட்டு ஆறு பேரை ஒரு அறைக்கும் ஆறு பேரை இன்னொரு அறைக்கும் அனுப்பினேன். ஒரு அறையில் எங்கள் விற்பனை மேனேஜர். இன்னொன்றில், நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையை விரித்துக் குறை பார்க்கும் அக்கா.

வந்தவர்களில் பிள்ளையார்பாளையத்துப் பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவள். சான்றிதழை வாங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனில கூப்ட்டுக்கிறாங்க. வரேனா வரலையான்னு திங்கக்கிழமை காலைல சொல்லிடணும். அங்க போனா விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸு, இருட்டனப்புறம்தான் வூடு. மத்தியானம் அம்மாவுக்கு யாரு ஊட்டுவாங்க? இதுன்னா பக்கம், ஓடிப்போய் ஊட்டிட்டு வந்துடுவேன்."

இதைக் காதில் வாங்கிக்கொள்ளலாம், மார்க்கில் சேர்க்க முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயந்திரம் கணக்குப் பிரிவுப் பிள்ளை மூன்று மார்க்கையும் அப்படியே கூட்டி வரிசை போட்டுக் கொண்டுவந்தான். நூறையும் ஐம்பதையும் பத்தையும் கூட்டினால் விண்ணப்பம் மட்டும்தான் பேசும், இண்டர்வியூ இருப்பதே தெரியாது. விண்ணப்பத்துக்கு இருபது பங்கு, பரீட்சைக்கு ஐம்பது, இண்டர்வியூவுக்கு முப்பது என்று விளம்பரம் போடும் முன்பே முதலாளியிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தேன். காகிதத்தில் இருப்பது பழைய கதை, பரீட்சையில் தெரிவதுதான் நாளைக்குச் செய்யப்போகும் வேலை என்பது என் கட்சி. அந்தப் பங்குப்படி மறுபடி போடச் சொன்னேன்.

பட்டியலில் நாலாவது இடத்துக்கு ஒரு பையன் வந்தான். விண்ணப்பம் எண்பது, பரீட்சை முப்பத்துநாலு, இண்டர்வியூ ஒன்பது. மொத்தம் எழுபத்தேழு. அந்தப் பெண்ணுக்கு விண்ணப்பத்தில் ஐம்பதுதான், வேலை பார்க்காத வருடங்கள் தின்றது போக மிச்சம். பரீட்சையில் நாற்பத்துமூன்று, யாரும் அவ்வளவு வாங்கவில்லை. இண்டர்வியூவில் ஆறு. மொத்தம் எழுபத்தொன்று. அவள் நால்வருக்குள் வரவில்லை.

அந்த ஆறு எனக்கு உறுத்தியது. இரண்டு அறை மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேனேஜர் எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை, சராசரி எட்டரை. அக்கா மூன்றிலிருந்து தொடங்கியிருந்தார், சராசரி நாலரை. அவர் அறையில் அதிகபட்சமே அந்த ஆறுதான்.

அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"பத்துல ஆரம்பிச்சேன்மா. ஒவ்வொரு கொறைக்கும் ஒன்னு கழிச்சேன். புடவைக்கு அப்படித்தானே பாக்குறோம்?" என்றார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ஆறு குடுத்தேனே!"

மேனேஜரோ கல்லாவில் நின்று புடவையைப் புகழ்கிற பழக்கத்தில் போட்டிருக்கிறார். "வந்தவங்கள மொகம் வாடி அனுப்பக் கூடாது மேடம்" என்றார். அதோடு விடவில்லை. "அந்தப் பையன்கிட்ட நீ வந்துட்ட மாரிதான்னு சொல்லிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை என்ன, ஆடித் தள்ளுபடியா?

டோக்கன் எந்த அறைக்குப் போனது என்பதில் ஒருத்தி பிழைப்பு போகக் கூடாது. அவரவர் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்தேன். பையன் அரை மார்க் மேலே. அவள் ஒன்றரை மார்க் மேலே. இரண்டு அறையையும் பொதுச் சராசரியான ஆறரைக்குக் கொண்டுவந்தால் அவன் ஒன்பது ஏழாகிறது, அவள் ஆறு எட்டாகிறது. அவளுக்கு எழுபத்தேழு, அவனுக்கு எழுபத்தொன்று. மேலே இருந்த மூவரும் அசையவில்லை. நாலாவது அவள், ஐந்தாவது அவன்.

மேனேஜர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பரீட்சைக்கு அம்பது ஜாஸ்தி மேடம். முப்பது வெச்சு, மிச்சத்த விண்ணப்பத்துல சேத்துக்கினா சரியா வந்துடும்" என்றார். யாருக்குச் சரியாக? ஆளைப் பார்த்தபிறகு பங்கை மாற்றுவதற்குப் பரீட்சையே வைக்காமல் இருக்கலாம் என்று கத்திவிட்டேன். ஆனாலும் எனக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்தது. அறைக்கு ஆறு பேர்தான். மேனேஜர் அறைக்கு உண்மையிலேயே கெட்டிக்காரர்களாகப் போயிருந்தால்? என் கழித்தல் கணக்கு அவர்களுக்கு அநியாயம்.

அதனால் சனிக்கிழமை இருவரையும் மறுபடி வரச் சொன்னேன். ஒரே அறை, ஒரே கேள்விகள், மேனேஜரும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. மேனேஜர் இருவருக்கும் ஒன்பது போட்டார். அக்கா அவனுக்கு நாலு, அவளுக்கு ஆறு. இதற்குமேல் நான் என்ன செய்ய? நாலாவது பெயராக அவளை எழுதினேன்.

அன்றைக்கே போன் செய்தேன். "திங்கட்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி பார்ப்பார்" என்றேன்.

சந்தோஷப்பட்டாள். பிறகு, "மேடம், அப்ப அந்தக் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிடட்டா?" என்று கேட்டாள்.

மேனேஜராக இருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. நாலு பேரில் ஒருத்தி, அவ்வளவுதான் என் கையில் இருந்தது. "அதை நான் சொல்ல முடியாதும்மா. முதலாளி யாரை எடுப்பார்னு எனக்கே தெரியாது" என்றேன்.

பின்னால் அவள் அம்மா எதையோ கேட்டு முனகுவது கேட்டது. "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையே பார்க்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டேன். முகூர்த்த நாளில் கடையில் நிற்க இடமில்லை, இண்டர்வியூவாம் என்று எரிந்து விழுந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

திங்கட்கிழமை நாலு நாற்காலியில் மூன்றில்தான் ஆள் இருந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுத்தாள், சுற்றிலும் மெஷின் சத்தம்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். அங்க நிச்சயம்னாங்க, இன்னிக்கே சேரச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அம்மாவுக்கு மத்தியானம் யார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன செய்யப்போகிறேன்? வைத்துவிட்டேன்.

"நாலு பேர்னீங்க, மூணுதான் இருக்குது. அடுத்தது யாரு? வரச் சொல்லுங்க" என்றார் முதலாளி. என் பட்டியல்படி அடுத்தது அந்தப் பையன். கூப்பிட்ட அரை மணி நேரத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். முதலாளிக்கு அவனைத்தான் பிடித்துப்போனது.

மேனேஜர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். "நான் அப்பவே சொன்னேனே மேடம்" என்றார்.

டீயை வாங்கிக் குடித்தேன். பட்டியலில் ஒரு தப்பும் இல்லை.