கடிகாரத்தின் மேல் நின்ற கர்சர்

“உம்மட குரலைக் கேட்டால் பஸ் ஸ்டாண்டில நிண்டு ‘ஹட்டன், ஹட்டன்’ எண்டு கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. இதைக் கேட்டு ஆர் கொம்பியூட்டர் படிக்கப் போகினம்?”

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இயங்கிய கணினி வகுப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்த அக்கா என்னிடம் சொன்னது இது. அவர் யாழ்ப்பாணத்தவர். போரில் பாதை மூடுண்டதால் ஊருக்குப் போக முடியாமல் அங்கேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நான் கண்டி மஹய்யாவயைச் சேர்ந்தவள். அப்பா மாநகர சபையில் தெருக் கூட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை போய்ச் சித்தியடைந்த முதல் ஆள் நான். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. தேவைக்கு அதிகமாகவே சொல்லித் திரிந்தேன் என்றும் சொல்லலாம். அதனால் அந்தக் கேலி சுட்டது.

“ஹட்டன்காரங்களும் கம்ப்யூட்டர் படிக்கத்தானே வேணும், அக்கா” என்றேன்.

அவர் சிரித்தார். “வாய் இருக்கு. வேகம்தான் கூட. குரலைப் பிறகு பாப்பம். முதல்ல கையை அடக்கப் பழகும்.”

தமிழில் கணினி கற்பிக்கும் பாடங்களை சீடியில் பதிந்து தோட்டப்புறப் பாடசாலைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் விற்பதுதான் முதலாளியின் திட்டம். கடிதம் தட்டச்சுவது, அட்டவணையில் கூட்டல் போடுவது, ஒரே கடிதத்தைப் பல பெயர்களுக்கு அச்சிடுவது என்று பாடங்கள். திரையில் நடப்பதை அப்படியே படமாகப் பிடிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. கர்சரைச் சுற்றி மஞ்சள் வட்டம் போடும். பொத்தானை அழுத்தினால் சிவப்பு வளையம் ஒன்று விரிந்து மறையும். பார்க்கிறவரின் கண் அந்த மஞ்சளைத்தான் தொடரும். அதனால் அதைக் காரணமில்லாமல் அசைக்கக் கூடாது.

என் கை அசைந்துகொண்டே இருந்தது. பேசும்போது கையால் பேசுகிறவர்கள் நாங்கள். ‘இங்கே பாருங்கள்’ என்று சொல்லும்போதே கையிலுள்ள கணினி எலி நாலு சுற்றுச் சுற்றிவிடும். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால் விளக்கைச் சுற்றும் ஈசல் மாதிரி இருக்கும்.

“சொல்லும். நகர்த்தும். நில்லும். பிறகு அழுத்தும்,” என்பார் அக்கா. “நீர் சொல்லி முடிக்க முதலே அழுத்திப் போட்டீர் எண்டால், படிக்கிற பிள்ளை மெனுவைத் தேடிக்கொண்டிருக்கும். அதுக்குள்ள மெனு மூடிப் போயிடும்.”

முதலில் குரல் இல்லாமல் படத்தைப் பிடிப்போம். பிறகு எழுதி வைத்ததை வாசித்துக் குரலைத் தனியாகப் பதிவோம். குரல் நீண்டுவிட்டால் அந்த இடத்தில் படத்தை உறைய வைத்து நீட்டலாம். திரைக்குக் கீழே உள்ள பட்டியை மறைத்து வைப்பதும் ஒரு சட்டம். அங்கே கடிகாரம் இருக்கிறது. இன்று பாதி, நாளை பாதி பிடித்து ஒட்டினால் ஒரே பாடத்துக்குள் மணி குதிக்கும்.

அந்தச் சட்டங்களையெல்லாம் அக்காவே ஒரு நாள் மீறினார். அட்டவணைப் பாடத்தை ஒத்திகை பார்ப்பதற்காக, பேசிக்கொண்டே நேரடியாகப் பிடித்தார். கீழ்ப்பட்டியை மறைக்கவில்லை. நான் பக்கத்துக் கதிரையில் பிரதியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நடுவில் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். யன்னலுக்குத் தொங்கவிட்ட போர்வைகளையும் தாண்டி அது மைக்குக்குள் வந்தது.

“சரி, இந்த டேக் போச்சு,” என்று அக்கா கர்சரைத் திரையின் மூலையில் கொண்டுபோய் விட்டார். வேலையில்லாத கர்சரை மூலையில் நிறுத்துவது அவர் வழக்கம். பாங்கு முடியும் வரை இருவரும் பேசாமல் இருந்தோம். பதிவை நிறுத்த மறந்துவிட்டோம்.

“ஃபேனைப் போடும், வேர்க்குது,” என்றார்.

“போட்டா கரண்ட் பில்லுக்கு சேர் திட்டுவாரு, அக்கா.”

“அவர் கலகெதரக்குப் போயிட்டார். போடும்.”

பிறகு ஒழுங்கான பாடத்தை வேறு நாள் பிடித்தோம். கழித்த பதிவு கணினியின் ஒரு மூலையில் கிடந்தது.

சில வாரங்கள் கழித்து கட்டுகஸ்தோட்டையில் தமிழர் தங்கியிருந்த அறைகளைப் படையினர் சுற்றி வளைத்தார்கள். அக்காவைக் கொண்டுபோனார்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள், அவரை விடவில்லை. கண்டியில் வைத்திருந்து பிறகு கொழும்புக்கு மாற்றினார்கள். குறிப்பிட்ட ஒரு நாள் பிற்பகல் கொழும்பில் ஒரு வீட்டில் பொதி ஒன்றைக் கைமாற்றினார் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அந்த நாளை, அக்கா அறை எடுத்திருந்த வீட்டு அம்மா மூலம் அறிந்தோம். அக்காவோ அந்தத் தேதியில் தான் வேலையில் இருந்ததாகத்தான் சொல்கிறார் என்றும், அதை யாரும் கேட்கவில்லை என்றும் அந்த அம்மா சொன்னார்.

முதலாளி முஸ்லிம் மனிதர், வயதானவர், கெட்டவரல்ல. எங்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கும்போது எப்போதும் நின்றுகொண்டே கொடுப்பார். அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்.

“மகள், அவட குரல் உள்ள பாடமெல்லாத்தையும் எடுத்துப் போடுங்க. நீங்களே பேசிப் புதுசாச் செய்யுங்க. சீடியெல்லாம் பஸ்ஸில செக்பொயின்ட் தாண்டிப் போகுது. யாருட குரல்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?”

“அக்கா ஒண்ணும் செய்யலியே, சேர்.”

“நான் அவ செஞ்சான்னா சொன்னேன்? எனக்கும் பொம்புளப் புள்ளைகள் ரெண்டு பேர் ஈக்கிறாங்க. டிஸ்க்கும் நெறஞ்சு போச்சு. பழைய டேக்கெல்லாம் அழிங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்களும் பேசணும்னு ஆசப்பட்டீங்க தானே?” என்றார்.

ஆசைப்பட்டது உண்மை. இப்படி அல்ல.

படத்தை மறுபடி பிடிக்க நேரமில்லை. அக்காவின் குரலை மட்டும் கழற்றிவிட்டு, அவர் கை நகர்த்திய கர்சருக்கு நான் பேச வேண்டும். முதல் பாடத்திலேயே திணறினேன். நான் வாக்கியத்தை முடித்துவிடுவேன்; மஞ்சள் வட்டம் இன்னும் பொத்தானின் மேல் நின்றுகொண்டிருக்கும், எனக்காக அல்ல, இதுவரை கணினியைத் தொடாத யாரோ ஒரு பிள்ளைக்காக. நான் காத்திருந்தேன். சிவப்பு வளையம் விரிந்த பிறகு அடுத்ததைச் சொன்னேன். இரண்டு நாளில் என் வேகம் அவர் வேகமாகிவிட்டது. அவர் கொழும்பில் எங்கே இருக்கிறார் என்று தெரியாத நேரத்தில், அவர் கையைப் பின்தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

பழைய பதிவுகளை அழிக்கும்போது ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டே அழித்தேன். அந்தப் பாங்கு டேக் வந்தது. கர்சர் மூலைக்குப் போய் கடிகாரத்தின் மேல் நின்றது. எலி கடிகாரத்தின் மேல் நின்றால் தேதி ஒரு சிறு பெட்டியில் தானாக எழும். எழுந்தது. மஞ்சள் வட்டத்துக்குப் பக்கத்தில் கிழமையும் தேதியும். கீழே மணி. மேலே பாங்கு.

அக்கா கொழும்பில் பொதி கைமாற்றியதாக அவர்கள் சொல்லும் அதே நாள், அதே பிற்பகல்.

அழிக்கவில்லை. ஒரு சீடியில் பதிந்து, சிங்களப் பாட்டு என்று எழுதியிருந்த பழைய உறைக்குள் போட்டேன். கண்டிக்குப் போகும் வழியில், பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். பையைக் கொட்டிய சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். சீடியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். கணினி வகுப்பு என்று சிங்களத்தில் சொன்னேன். உறையில் இருந்த பாடகரின் படத்தைக் காட்டி, “இவரும் கணினி படிக்கிறாரா?” என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கண்டி நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் அதைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

“கொம்பியூட்டரில திகதியை மாத்தலாம், பிள்ளை. மாத்தினது எண்டு சொல்லுவாங்கள்.”

“பாங்க மாத்த முடியாதே, ஐயா. அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும்; கீழ உள்ள மணி அந்த நாளோட நேரத்துக்குச் சரியா இருக்கு.”

“குரலைப் பிறகு சேத்திருக்கலாம். உங்கட வேலையே அதுதானே?”

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் உதவியது. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். “பிறகு சேர்த்த குரல்ல எலி அழுத்துற சத்தம் இருக்காது, ஐயா. நாங்க வாசிக்கும்போது எலியத் தொடமாட்டோம். இதுல கேளுங்க. ஒவ்வொரு சிவப்பு வளையத்துக்கும் ஒரு ‘டிக்’ இருக்கு. அந்தச் சத்தம் வரக்கூடாதுன்னுதான் நாங்க தனித்தனியாப் பிடிக்கிறது. இது கழிச்ச டேக். அதனாலதான் எல்லாம் ஒண்ணா இருக்கு.”

அவர் கேட்டார். டிக். வளையம். டிக். வளையம். பிறகு ஃபேனைப் போடச் சொல்லும் அக்காவின் குரல். பிறகு இன்னொரு குரல்.

“இது ஆர்?”

“நான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இதைக் குடுத்தால் உம்மையும் கேப்பாங்கள். வாக்குமூலம், முகவரி, அடையாள அட்டை, எல்லாம். கூப்பிட்டால் கொழும்புக்கு வரவேணும். போன ஆள் உடன திரும்பி வருவார் எண்டு நான் சொல்லமாட்டன். இது அவவை வெளியில கொண்டுவரும் எண்டும் சொல்லமாட்டன். யோசிச்சுப் போட்டு வாரும்.”

வீட்டில் சொன்னேன். அப்பா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ள ஒன்னயத் திட்டும்னுதானம்மா சொன்ன?”

“ஆமா.”

“பெறகு எதுக்கு?”

“அன்னைக்கு அந்த ரூம்ல நானும்தான் இருந்தேன், அப்பா. இல்லன்னு எப்படிச் சொல்றது?”

“சொல்ல வேணாம். பேசாம இரு. எம்பத்தி மூணு கலவரத்துல பேசாம இருந்துதான் நாங்க பொழச்சோம்.” சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. “நீ படிச்சவ. ஒனக்குத் தெரியும்” என்று மட்டும் பிறகு சொன்னார். அந்தச் சொல்லை அவர் பெருமையோடு சொல்லிக் கேட்டுப் பழகியிருந்தேன். அன்று அதில் பெருமை இல்லை, பயம் இருந்தது.

இதை எழுதும்போதும் அக்கா உள்ளேதான் இருக்கிறார். பாடங்கள் என் குரலில் விற்பனையாகின்றன, ஹட்டனிலும் வாங்குகிறார்கள். முதலாளிக்கு நான் செய்தது இன்னும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். அதற்கு மேலும் போகலாம்.

சட்டத்தரணி என் வாக்குமூலமாகத் தயாரித்த சத்தியக் கடதாசியை மூன்று மொழிகளிலும் வாசித்துக் காட்டினார்கள். அந்தப் பதிவில் பேசும் இரண்டாவது ஆள் நான் என்றும், அந்த நாள் முழுவதும் அக்கா என் பக்கத்துக் கதிரையில் இருந்தார் என்றும் அதில் எழுதியிருந்தது. மஹய்யாவ முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் என் கையாலேயே நிரப்பி, சமாதான நீதவான் முன்னால் கையொப்பம் இட்டுவிட்டேன். அது நேற்றுக் காலை கொழும்புக்குப் போய்விட்டது.