நிற்காத மினுக்கம்

எங்கள் ஸ்டுடியோவில் அவருக்குப் பெயின்டர் என்றுதான் பெயர். வாழ்நாளில் தூரிகையைத் தொட்டவரில்லை. திரையில் ஓடும் கார்களுக்கு ஷேடர் எழுதுகிறவர். வெளிச்சம் பட்டால் காரின் ஒவ்வொரு புள்ளியும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிரல் அது. வேலையில் கெட்டிக்காரர், வாயில் அதைவிடக் கெட்டிக்காரர்.

ஒரு கார் கம்பெனிக்காகக் கருநீல மெட்டாலிக் பெயின்ட் செய்தார். அடியில் நிறம், அதில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்கும் உலோகத் துகள்கள், எல்லாவற்றுக்கும் மேலே வழவழவென்று கிளியர் கோட் என்னும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு. விளக்கு நகரும்போது, எந்தத் துகளின் சாய்வு பொருந்துகிறதோ அது பளிச்சிடும்.

திரைக்குள் அந்தக் காருக்கு விளக்குகளை அமைத்து அசைத்தவன் அவருடைய மைத்துனன். ஒருநாள், "மாமா, லைட்டை நிறுத்தினாலும் மினுக்குது" என்றான்.

"உன் லைட் நடுங்குதுடா. முதல்ல உன் வேலையை ஒழுங்கா பாரு" என்று எல்லார் முன்னாலும் எகிறினார். அவன் முகம் சுண்டிப்போயிற்று. நாங்கள் சிரித்தோம். வெட்கக்கேடு. பாவம், விளக்கசைவு முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி செய்தான்.

கார் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா பார்க்க வந்த நாளில் முதலில் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. பிறகு அவர், "விளக்கை நிறுத்துங்க" என்றார். மைத்துனன் நிறுத்தினான். கேமராவும் அசையவில்லை. கார் மட்டும் எறும்பு மொய்த்ததுபோல மினுக்கிக்கொண்டே இருந்தது.

"நிறுத்திட்டீங்களா?"

மைத்துனன் தலை குனிந்துகொண்டான். "என் லைட்லதான் ஏதோ கோளாறு, மேடம். சரி பண்ணிடறேன்."

பெயின்டர் காரின் பானட்டைப் பார்த்தார். கிளியர் கோட்டில் விளக்கின் பிம்பம் ஆணி அடித்தாற்போல நின்றது. விளக்கு நடுங்கினால் அதுவும் அல்லவா நடுங்கியிருக்கும்? அதற்கு அடியில் அவருடைய துகள்கள்தான் ஓயாமல் துள்ளின. சோதனையில் மினுக்கம் மந்தமாகத் தெரிந்ததால், துகள்களின் சாய்வைக் கணத்துக்குக் கணம் மாற்றும்படி எழுதியிருந்தார். மைத்துனன் அன்று சொன்னபோதே அது மனதில் தட்டியது. கௌரவம்தான் வாயை அடைத்தது. இப்போது கூசிப்போனார்.

"லைட் நின்னுடுச்சு, மேடம். நிக்காதது என் பெயின்ட். அவன் அப்பவே சொன்னான், நான்தான் கேட்கலை."

அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை எடுத்தார். கார் அடங்கியது. விளக்கை நகர்த்தினால் மட்டும் துகள்கள் மின்னின. அந்த அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போய்விட்டார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டீ மெஷினருகே மைத்துனனைப் பிடித்தார். "கிளியர் கோட்ல விளக்கு அசையலையேடா. நீ பார்க்கலையா?"

"பார்த்தேன், மாமா. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதால, என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். அக்கா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு" என்றான் அவன். "கண்ணு நல்லாத்தான் இருக்காம்."